ரொட்டி மேக்கரில் சப்பாத்தி அப்பளமாவது ஏன்?

ஆசையாக வாங்கிய ரொட்டி மேக்கர் பல வீடுகளில் சீக்கிரமே பரணுக்குப் போய்விடுகிறது. சப்பாத்தி விறைத்து அப்பளமாகிறது, இல்லையென்றால் ‘டப்’பென்று வெடித்துக் கிழிகிறது என்பதுதான் பொதுவான புகார்.

பலகையில் தேய்க்கும்போது மாவு ஆற அமர விரிகிறது. ரொட்டி மேக்கரிலோ சுடுகிற தட்டின் மேலேயே விரிந்தாக வேண்டும். மேல்புறம் வெந்து இறுகிவிட்டால் அதற்குப் பிறகு விரியாது. அதனால் வழக்கமான சப்பாத்தி மாவைவிட இதற்கு இளக்கமாகப் பிசைய வேண்டும். இரண்டு கப் கோதுமை மாவுக்கு நீங்கள் எப்போதும் விடும் தண்ணீரோடு இரண்டு, மூன்று மேசைக்கரண்டி கூடுதலாக விடுங்கள். பிசைந்ததை ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் ஊற விடுங்கள். ஊறாத மாவு, அழுத்திய பிறகு ரப்பர் மாதிரி சுருங்கித் தடிப்பாக நின்றுவிடும்.

தட்டு சூடேறியதும் அதற்கான விளக்கு காட்டிக் கொடுக்கும். அதற்கு முன் அவசரப்பட வேண்டாம். எலுமிச்சை அளவு உருண்டையை லேசாகத் தட்டி, உலர்மாவில் புரட்டி, நடுவிலிருந்து சற்றுப் பின்னால், கீல் இருக்கும் பக்கமாக வையுங்கள். மூடி இறங்கும்போது மாவை முன்பக்கம் தள்ளும் என்பதால், நடுவில் வைத்தால் சப்பாத்தி முன்னால் வழிந்துவிடும்.

இனி எல்லாமே நொடிக்கணக்கு. மூடியை ஒரே அழுத்து, ஒன்றிரண்டு நொடிதான், உடனே திறந்துவிட வேண்டும். மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேற வழி தேடும். அப்போதும் அழுத்திப் பிடித்திருந்தால் சப்பாத்தியைக் கிழித்துக்கொண்டுதான் வரும். அந்த ‘டப்’ சத்தம் அதுதான். திறந்தபடி பத்துப் பதினைந்து நொடி விட்டு, மேல்புறம் நிறம் மாறியதும் திருப்புங்கள். அந்தப் பக்கத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பியதும் மறுபடி திருப்பி, மூடியை அழுத்தாமல் மேலே சும்மா சாய்த்து வையுங்கள். சப்பாத்தி உப்பி மூடியைத் தூக்கும்.

ஒவ்வொரு சப்பாத்தியும் தட்டின் சூட்டைக் கொஞ்சம் குடித்துவிடுகிறது. விளக்கு மறுபடி காட்டும்வரை பொறுக்காமல் அடுத்ததைப் போட்டால், சூடு போதாமல் வேக நேரமெடுக்கும்; அதற்குள் ஈரமெல்லாம் வற்றி விறைத்துப்போகும். முதல் இரண்டும் நன்றாக வந்து மூன்றாவதிலிருந்து அப்பளமானால், மாவைக் குறை சொல்லாதீர்கள். காரணம் இந்த அவசரம்தான். முதலிலிருந்தே எல்லாம் விறைப்பாக வந்தால் மாவில் தண்ணீர் போதவில்லை. வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தால் சப்பாத்தி தடிப்பு. உருண்டையைச் சிறிதாக்கினால் சரியாகும்.

உருளைக்கிழங்கு வைத்த பராத்தாவை மட்டும் இதில் முயல வேண்டாம். அழுத்தியதும் பூரணம் பிதுங்கித் தட்டில் ஒட்டிக் கருகும். அதற்குப் பலகையும் தோசைக்கல்லும்தான் சரி.