முப்பதாவது மாடித் தண்ணீர்

காயல்பட்டினத்தில் ரெண்டு மாடி வீடு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர், மேல்மாடிக் குழாயில் நூலாகத்தான் விழும். அதே ஊர்க்காரர் ஹாங்காங்கில் முப்பது மாடிக் கட்டடத்தின் அடியில் குடியிருந்தால்? உச்சித் தொட்டித் தண்ணீர் குழாயைப் பிய்த்துக்கொண்டு வராதா?

வரும்! பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது பிளம்பர்கள் கணக்கு. முப்பது மாடி என்றால் அடியில் ஒன்பது கிலோ. நம் வீட்டுக் குழாய்க்கு நாலு கிலோவே தாராளம்.

வால்வைப் பாதி மூடினால் போதாதா என்பீர்கள். போதாது. குழாய் திறந்திருக்கும்வரைதான் அந்த வித்தை பலிக்கும். எல்லோரும் குழாயை மூடித் தூங்கப் போனதும், நின்ற தண்ணீரின் முழு பாரமும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதனால் கட்டடத்தைப் பத்துப் பத்து மாடியாகப் பிரிப்பார்கள். மேல் பத்துக்குத் தொட்டியிலிருந்து நேரடித் தண்ணீர். உச்சி மாடிகளுக்கு மட்டும் சின்ன பம்பு ஒன்று தள்ளிக்கொடுக்கும். கீழே உள்ள ஒவ்வொரு பத்து மாடிக்கும் தலைப்பில் ஓர் அழுத்தக் குறைப்பு வால்வு. அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் சவ்வு. அழுத்தத்தை ஒரு கிலோவுக்கு இறக்கும். அந்த அளவு வந்ததும் தானே மூடிக்கொள்ளும். அங்கிருந்து பத்து மாடி இறங்குவதற்குள் அழுத்தம் மறுபடி ஏறி, நாலு கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்கும்.

உள்ளே ஒரு மணல்துகள் சிக்கினாலும் வால்வு முழுசாக மூடாது. பகலில் தெரியாது. நடுராத்திரியில் வால்வுக்குக் கீழே உள்ள மீட்டர் முள் மெல்ல ஏறும். ஃபிளஷ் தொட்டி 'உஸ்ஸ்' என்று இரையும். காவலாளிக்குத்தான் முதலில் காதில் விழும்!