எண்ணெய் ஏறினால் பவுன் ஏறுமா?

ஏலக்காய் விற்ற பணம் கைக்கு வந்தால், போடியிலும் கம்பத்திலும் பல வீடுகளில் அதில் ஒரு பங்கு நகைக்கடைக்குப் போகும். அந்த நேரம் பார்த்து எங்கேயாவது சண்டை மூண்டு எண்ணெய் விலை ஏறிவிட்டால், டீக்கடையில் ஒரே பேச்சுதான்: “எண்ணெய் ஏறிருச்சு, அடுத்து பவுனும் ஏறும். இப்பவே வாங்கிப் போட்டுருங்க.” இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாமல் அவசரப்பட்டு வாங்குபவர்களுக்குப் பவுனுக்குச் சில ஆயிரம் நட்டமாகலாம். 2022-இல் நடந்ததை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் உண்மையான பாதி. எண்ணெய் ஏறினால் டீசல் ஏறும். கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பின் வாடகை கூடும், திராட்சையை ஊர் ஊராகக் கொண்டுபோகும் லாரி வாடகை கூடும், கொஞ்ச நாளில் காய்கறி வரை எல்லாமே கூடும். உலகம் முழுக்க இப்படித்தான். கையில் இருக்கும் பணம் நாளைக்கு இவ்வளவு வாங்காது என்ற பயம் வந்ததும், பணத்தைத் தேயாத பொருளாக மாற்றி வைக்கப் பார்ப்பார்கள். அதற்குப் பழகிய பொருள் தங்கம். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச் 7 அன்று பிரென்ட் கச்சா எண்ணெய் பேரல் 139 டாலரைத் தொட்டது. மறுநாளே தங்கம் அவுன்ஸ் 2,070 டாலருக்குப் போனது. (அவுன்ஸ் என்றால் இங்கே 31.1 கிராம், ஏறக்குறைய நாலு பவுன்.) அதுவரை டீக்கடைக் கணக்கு சரி.

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் எண்ணெய் இன்னும் 120 டாலர் பக்கம் நின்றது. அமெரிக்காவில் விலைவாசி உயர்வு 9.1 சதவீதம், நாற்பது ஆண்டுகளில் காணாத அளவு. ஆனால் தங்கமோ 1,850 டாலர் பக்கம் இறங்கியிருந்தது. செப்டம்பர் கடைசியில் 1,630-க்கே வந்துவிட்டது. எண்ணெய்யும் பவுனும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று நினைப்பவர்களுக்கு இது புரியவே புரியாது.

இரண்டுக்கும் நடுவில் வட்டி உட்கார்ந்திருக்கிறது. விலைவாசி ஏறினால் மத்திய வங்கிகள் சும்மா இருக்காது. கடன் வாங்குவதையும் செலவழிப்பதையும் குறைக்க வட்டியை ஏற்றும். மார்ச்சில் பூச்சியத்தை ஒட்டி இருந்த அமெரிக்க வட்டி, டிசம்பருக்குள் நாலே கால் சதவீதத்துக்கு மேல் போனது. தங்கம் தரிசு நிலம் மாதிரி. வைத்திருக்கலாம், விலை ஏறினால் விற்கலாம், ஆனால் அது விளையாது. சுற்றிலும் குத்தகை மலிவாக இருந்தால் தரிசு போட்டு வைப்பது உறுத்தாது. பக்கத்து நிலத்துக்குக் குத்தகை மடமடவென்று ஏறினால், ஏன் சும்மா போட்டு வைத்திருக்கிறோம் என்று தோன்றும். வட்டி ஏறும்போது உலகின் பெரிய முதலீட்டாளர்கள் தங்கத்தை விற்பது அதனால்தான்.

ஒரு சந்தேகம் இங்கே வர வேண்டும், வந்தால் நல்லது. விலைவாசி 9 சதவீதம், வட்டி 4 சதவீதம் என்றால் வட்டிக்குப் போட்டவருக்கு நட்டம்தானே, பிறகு ஏன் தங்கத்தை விற்கிறார்? ஏனென்றால் சந்தை, போன வருட விலைவாசியைப் பார்ப்பதில்லை; வரப்போகும் பத்து வருட விலைவாசியைப் பார்க்கிறது. அமெரிக்க மத்திய வங்கி விலைவாசியை அடக்கியே தீரும் என்று நம்பிக்கை வந்தது. எதிர்பார்க்கும் விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், பத்தாண்டு அமெரிக்க அரசுப் பத்திரத்தின் வட்டி மார்ச்சில் ஏறக்குறைய மைனஸ் ஒரு சதவீதமாக இருந்தது. செப்டம்பர் கடைசியில் பிளஸ் ஒன்றரைக்கும் மேல். இப்படிக் கழித்து மிஞ்சுவதற்கு உண்மை வட்டி என்று பெயர். எண்ணெய் ஏறும்போது தங்கம் எந்தப் பக்கம் போகும் என்பதை அதிகம் தீர்மானிப்பது இதுதான். விலைவாசி பயம் வட்டியை முந்தினால் தங்கம் ஏறும். வட்டி பயத்தை முந்தினால் இறங்கும்.

வட்டியோடு டாலரும் வரும். அமெரிக்காவில் வட்டி கூடினால் பல நாட்டுப் பணமும் அங்கே ஓடும், டாலருக்குக் கிராக்கி கூடும். தங்கத்துக்கு உலகச் சந்தையில் டாலரில்தான் விலை வைக்கிறார்கள். டாலர் வலுத்தால், சீனாவிலும் ஐரோப்பாவிலும் தங்கம் வாங்குபவர் தன் நாட்டுப் பணத்தை அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும், வாங்குவது குறையும், டாலர் விலை இறங்கும்.

அப்படியானால் தேனியிலும் பவுன் அதே அளவு இறங்கியிருக்க வேண்டுமே? இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்ச் உச்சத்தை ஒட்டி அவுன்ஸ் 2,050 டாலர், டாலர் 77 ரூபாய், இறக்குமதி வரி 10.75 சதவீதம் என்று வைத்தால், 22 காரட் பவுன் ஏறக்குறைய 41,200 ரூபாய். ஜிஎஸ்டி, செய்கூலி, சேதாரம் எதுவும் சேர்க்கவில்லை. செப்டம்பர் கடைசியில் 1,630 டாலர். ரூபாயும் வரியும் மாறாமல் இருந்திருந்தால் பவுன் 32,800-க்கு வந்திருக்க வேண்டும். இதே கணக்கில் வந்தது 36,100 பக்கம்தான். கடை விலை இதிலிருந்து சில நூறு முன்பின் இருக்கும்.

இந்த 3,300 ரூபாய் வித்தியாசத்தில் எண்ணெய்யின் கைவரிசை இருக்கிறது. நம் நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெய்யில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது, அதற்கும் டாலர்தான் கொடுக்க வேண்டும். எண்ணெய் விலை ஏறியதும் நம் டாலர் செலவு கூடியது, அங்கே அமெரிக்க வட்டியும் டாலரை இழுத்தது, ரூபாய் 81.60-க்கு இறங்கியது. அதில் ஏறக்குறைய 2,000 ரூபாய். டாலர் வெளியே போவதைக் குறைக்க, தங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்த நினைத்த மத்திய அரசு 2022 ஜூன் கடைசியில் வரியை 15 சதவீதமாக்கியது. அதில் 1,300 ரூபாய். ஆக, நம் ஊரில் எண்ணெய் பவுனைத் தொடுவது பயத்தின் வழியாக மட்டுமில்லை. ரூபாய் வழியாகவும் வரி வழியாகவும் தொடுகிறது. உலகத்தில் தங்கம் ஐந்தில் ஒரு பங்கு இறங்கியபோது நமக்கு எட்டில் ஒரு பங்குதான் இறங்கியது.

பெட்ரோல் பங்கின் விலைப் பலகையைப் பார்த்து இதையெல்லாம் கணிக்க முடியாது. 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 21 வரை அந்தப் பலகை அசையவே இல்லை. உலக எண்ணெய் 139 டாலரைத் தொட்ட நாளிலும் ஜீப்காரர் பழைய விலைக்குத்தான் டீசல் போட்டார்.

இந்த வட்டிக் கணக்கும் எப்போதும் பொருந்தாது. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவின் வெளிநாட்டுக் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கியதும், பல நாட்டு மத்திய வங்கிகள் டாலரைவிடத் தங்கம் பத்திரம் என்று நினைத்தன. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கின. அவர்கள் வட்டிக் கணக்குப் பார்த்து வாங்குபவர்கள் இல்லை. 2025 அக்டோபரில் தங்கம் 4,000 டாலரைத் தாண்டியபோது எண்ணெய் 65 டாலர் பக்கம் படுத்துக் கிடந்தது.

அடுத்த முறை எண்ணெய் ஏறியது என்று செய்தி வந்தால், ஓடிப்போய் வாங்காதீர்கள். அமெரிக்க வட்டி எந்தப் பக்கம் போகிறது, டாலருக்கு எத்தனை ரூபாய், இறக்குமதி வரி எவ்வளவு என்று மூன்றையும் பாருங்கள். கல்யாணத்துக்கு எப்படியும் வேண்டும் என்றால், ஒரே நாளில் மொத்தமாக வாங்காமல் ஒவ்வொரு ஏலக்காய்ப் பணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.