அயனி நிற்கும், ஒளி ஓடும்

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு கியூபிட். அதை மின்புலத்தால் வெற்றிடத்தில் பிடித்து நிறுத்திய அயனியாலும் செய்யலாம். ஃபோட்டான் என்ற ஒளித்துகளாலும் செய்யலாம்.

முதலில் ஆயுள். இட்டெர்பியம் அயனி ஒன்று தன் குவாண்டம் நிலையை ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்கும் என்று 2021இல் சீன ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஃபோட்டானின் நிலை எளிதில் கலைவதில்லை. ஆனால் ஃபோட்டானே காணாமல் போய்விடும். நல்ல கண்ணாடி இழையில் 15 கிலோமீட்டர் போவதற்குள் பாதி ஃபோட்டான்கள் தொலைந்துவிடும். அந்தத் தூரத்தை ஒளி கடக்க ஆகும் நேரம் சுமார் 75 மைக்ரோ விநாடிதான்.

அடுத்தது வேகம். இரண்டு அயனிகளை லேசரால் பிணைக்கும் ஒரு செயலுக்கே பல நேரங்களில் 100 மைக்ரோ விநாடி பிடிக்கும். அதாவது, அயனி ஒரு கணக்கை முடிப்பதற்குள் இழையில் பாதி ஃபோட்டான்கள் போயிருக்கும். ஒளிச்சில்லில் ஃபோட்டான் கணப்பொழுதில் கடந்துவிடும். ஆனால் இரண்டு ஃபோட்டான்கள் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. கண்ணாடிகளையும் உணர்கருவிகளையும் மட்டும் வைத்துப் பிணைத்தால், எளிய முறையில் பாதி முயற்சிகள் தோற்கும். தோற்றால் மறுபடி முயல வேண்டும். வேகத்தின் லாபம் அங்கே கரைகிறது.

மூன்றாவது இணைப்பு. ஒரே வரிசையில் நிற்கும் அயனிகள் சேர்ந்து அதிர்வதால், எந்த இரண்டையும் நேரடியாகப் பிணைக்கலாம். வரிசை நீண்டால் அதிர்வுகள் ஒன்றோடொன்று குழம்பும். ஃபோட்டானுக்கோ அடுத்த அறைக்கும் அடுத்த ஊருக்கும் இழை போதும்.

அதனால்தான் தள்ளித் தள்ளி வைத்த அயனிப் பொறிகளை ஃபோட்டான்களால் இணைக்கிறார்கள். நினைவுக்கு அயனி, தூதுக்கு ஒளி.