விசாரித்தவர் எத்தனை, வந்தவர் எத்தனை?

ஒரு சிறிய பல் கிளினிக். ஒரு டாக்டர், வரவேற்பில் ஒருவர். நான்கு வாரங்களில் பேஸ்புக் விளம்பரத்துக்கு 12,000 ரூபாய், நோட்டீசுக்கு 6,000 ரூபாய் செலவு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பேஸ்புக் பார்த்து 96 பேர் விசாரிக்கிறார்கள். நோட்டீஸ் பார்த்து 20 பேர். ஒரு விசாரணைக்குப் பேஸ்புக்கில் 125 ரூபாய், நோட்டீசில் 300 ரூபாய். பேஸ்புக்தான் மலிவு என்று தோன்றும்.

விசாரித்தவர்களில் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்களை எண்ணினால் கதை மாறுகிறது. பேஸ்புக் வழியே வந்தவர்கள் 16 பேர், நோட்டீஸ் வழியே 12 பேர். அப்படியானால் ஒரு புது நோயாளிக்கு முன்னதில் 750 ரூபாய், பின்னதில் 500 ரூபாய்.

வாராந்தர எக்செல் தாளில் முதலிடம் பெறவேண்டியது இந்த எண்தான். லைக்குகளுக்கு அங்கே இடம் வேண்டாம். கூகுள் காட்டும் அழைப்பு எண்ணிக்கையையும் அப்படியே நம்பமுடியாது. நேரம் கேட்க அழைக்கும் பழைய நோயாளிகளும் அதில் சேர்ந்திருப்பார்கள்.

ஆகவே கணக்கு தொடங்கும் இடம் வரவேற்பு மேசை. புதிதாக விசாரிக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு, தேதியையும் பதிலையும் ஒரு வரியாகப் பதியவேண்டும். பெயர் வேண்டாம், வரிசை எண் போதும். ஒருநாள் "FB", மறுநாள் "Facebook" என்று எழுதினால் எக்செல் இரண்டையும் வெவ்வேறாக எண்ணும். Data Validation மூலம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. Leads என்று பெயரிட்ட அட்டவணையில், B1 கட்டத்தில் சனிக்கிழமைத் தேதி இருந்தால், நான்கு வாரக் கணக்கு இப்படி வரும்:

```
=COUNTIFS(Leads[Source],"Facebook",Leads[Came],"Yes",
Leads[CallDate],">"&B1-28,Leads[CallDate],"<="&B1)
```

ஏன் நான்கு வாரம்? சின்ன கிளினிக்கில் ஒரு வாரம் நால்வர் வருவார்கள், அடுத்த வாரம் இருவர். ஒரு கல்யாண முகூர்த்தமோ மழையோ போதும். அதைப் பார்த்து விளம்பரத்தை நிறுத்துவது அவசரம். வாராவாரம் தாளைப் பார்க்கலாம். முடிவை நான்கு வாரக் கூட்டுத்தொகையை வைத்தே எடுக்கவேண்டும்.

அந்த 96 பேரில் 80 பேர் ஏன் வரவில்லை? இதைச் சொல்ல இன்னும் ஓர் எண் தேவை: எடுக்கப்படாத அழைப்புகள். 41 அழைப்புகள் இரவு 8 மணிக்குமேல், கிளினிக் பூட்டியபின் வந்தவை என்று தெரிந்தால், கோளாறு விளம்பரத்தில் மட்டும் இல்லை. மறுநாள் காலை முதல் வேலையாக அந்த எண்களுக்குத் திரும்ப அழைக்கச் சொல்லி, அடுத்த நான்கு வாரங்களில் 750 ரூபாய் இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். அதுவரை பேஸ்புக் பணத்தை நோட்டீசுக்கு மாற்றக்கூடாது.

கடைசி வாரத்தின் எண் மட்டும் எப்போதும் குறைவாகவே தெரியும். வெள்ளிக்கிழமை விசாரித்தவர் செவ்வாய்க்கிழமைதான் வருவார். அவர் வந்ததும் பழைய வரியில் Yes என்று மாற்ற மறந்தால், தாள் முழுவதும் பொய்யாகிவிடும்.