பூணூல் போட்டும் திறக்காத கோயில் கதவு

"எங்க தாத்தா காலத்துல இருந்தே நாங்க சைவம்தான்" என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. எந்தத் தாத்தா காலத்திலிருந்து என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், சில குடும்பங்களில் கதை மூன்று தலைமுறைக்கு மேல் போகாது. அதற்கு முன்னால் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டியிருப்பார்கள். இந்த மாற்றத்துக்கு ஒரு பெயர் வைத்தவர் சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ். குடகு மக்களைப் பற்றி 1952-ல் அவர் எழுதிய நூலில் வந்த அந்தச் சொல், சமஸ்கிருதமயமாக்கம்.

விஷயம் எளிமையானதுதான். சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட ஒரு சாதி, மேலே இருப்பவர்களின் பழக்கங்களை எடுத்துக்கொள்கிறது. இறைச்சியையும் கள்ளையும் விடுகிறது, சடங்குகளை மாற்றுகிறது, பெயரையும் மாற்றுகிறது. ஓரிரு தலைமுறை கழித்து, "நாங்கள் ஆதியிலிருந்தே உயர்ந்தவர்கள்" என்று உரிமை கோருகிறது. முதலில் இதை 'பிராமணமயமாக்கம்' என்று சொல்லலாமா என்றுதான் ஸ்ரீநிவாஸ் யோசித்தார். ஆனால் எல்லாச் சாதிகளும் பிராமணரைப் பார்த்து நடப்பதில்லை. சிலருக்குச் சத்திரியர் மாதிரி, சிலருக்கு வைசியர் மாதிரி. அதனால் இன்னும் அகலமான சொல்லைத் தேர்ந்தெடுத்தார்.

சரி, பழக்கத்தை மாற்றினால் அந்தஸ்து வந்துவிடுமா? இந்தக் கேள்விக்கு மைசூருக்குப் பக்கத்தில் அவர் 1948-ல் தங்கி ஆய்வு செய்த ஊரில் பதில் கிடைத்தது. அந்த ஊருக்கு அவர் வைத்த புனைபெயர் ராம்புரா. சடங்குப்படி அங்கே பிராமணரே உயர்ந்தவர். ஆனால் ஊரில் எது நடந்தாலும் ஒக்கலிக விவசாயிகளின் சம்மதம் வேண்டும். ஊர்ச் சனத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் அவர்கள். நிலமும் பெரும்பாலும் அவர்களிடம். ஊர்த்தலைவரும் அவர்களில் ஒருவர். பிறருடைய சண்டைகளுக்குக்கூடத் தீர்ப்புச் சொன்னது அவர்கள்தான். இப்படி எண்ணிக்கை, நிலம், அதிகாரம் ஆகியவை ஒன்றாகச் சேர்ந்து, சடங்கு நிலையிலும் ரொம்பக் கீழே இல்லாத சாதிக்கு அவர் 'ஆதிக்க சாதி' என்று பெயர் கொடுத்தார்.

இந்த இரண்டு கருத்துகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் தெரியும். மேலே ஏறப் பார்ப்பவர் யார் என்பதை முதல் கருத்து சொல்கிறது. ஏற விடுவதா, அடித்துக் கீழே தள்ளுவதா என்று முடிவெடுப்பவர் யார் என்பதை இரண்டாவது சொல்கிறது. இதற்கு நம் தமிழ் மண்ணிலேயே ஒரு கதை இருக்கிறது: நாடார்களின் கதை. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் இதைத் தனி நூலாகவே எழுதினார்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்மாவட்டங்களில் அவர்களில் பெரும்பாலோருக்குப் பனையேறுவதுதான் பிழைப்பு. 'சாணார்' என்று அழைக்கப்பட்டார்கள், கோயிலுக்குள் விடப்படவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் வணிகர்களாக வடக்கே வந்து சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் கடை போட்டார்கள். சரக்கை இறக்கிப் பாதுகாப்பாக வைக்கப் பேட்டை கட்டினார்கள். வாங்கி விற்கும் சரக்குக்கு ஏற்ப ஒவ்வொருவரும் ஊர்ப் பொதுநிதிக்கு ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். அதற்குப் பெயர் மகமை. அந்தப் பணத்தை உறவின்முறை நிர்வகித்தது. அதிலிருந்து கோயிலும் பள்ளியும் எழுந்தன.

பணம் வந்ததும் மரியாதை கேட்டார்கள். தாங்கள் பாண்டியர் வழிவந்த சத்திரியர் என்றார்கள். பலர் பூணூல் அணிந்தார்கள், புலால் விட்டார்கள், பிணத்தைப் புதைப்பதை விட்டு எரித்தார்கள். விருதுநகரில் அவர்கள் தொடங்கிய பள்ளிக்கு வைத்த பெயரே 'சத்திரிய வித்தியாசாலை'. ஸ்ரீநிவாஸ் சொன்ன பட்டியலில் ஏறக்குறைய எதுவும் பாக்கியில்லை.

ஆனால் 1897 மே மாதம், கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டபோது, கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். சத்திரியர் என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. மதுரையில் தோற்று, சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோற்று, கடைசியில் 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் நாடார்கள் தோற்றார்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1899 ஜூன் மாதம் சிவகாசி மீது பெருங்கூட்டம் ஒன்று தாக்குதல் நடத்தியது. அதில் முன்னே நின்றவர்கள் மறவர்கள், அந்த வட்டாரத்தின் ஆதிக்க சாதி. இரு பக்கமும் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன.

கவனிக்க வேண்டியது இதைத்தான். நாடார்கள் கடை வைத்ததற்கு இவ்வளவு பெரிய கலவரம் வரவில்லை. அவர்கள் கோயில் வாசலைத் தாண்டியபோதுதான் வந்தது. பழக்கத்தை யாரும் மாற்றிக்கொள்ளலாம். அதை மற்றவர்கள் ஒப்புக்கொள்வது வேறு விஷயம். ராம்புரா வட்டாரத்திலும் இதே கதை உண்டு. அங்கே ஆசாரிகள் தங்களை விசுவகர்மப் பிராமணர் என்றே சொல்லிக்கொண்டார்கள். ஆனால் தீண்டத்தகாதவராக வைக்கப்பட்ட ஹொலையர்கூட அவர்கள் கையால் உணவு வாங்கவில்லை.

பிறகு நாடார்கள் எப்படித்தான் ஏறினார்கள்? பாதையை மாற்றினார்கள். 1910-ல் மகாஜன சங்கம் அமைத்தார்கள். பள்ளி, வணிகம், தேர்தல் என்று கவனம் திரும்பியது. 1921-ல் 'நாடார்' என்ற பெயரை அரசே ஏற்றது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சத்திரியர் என்று சொல்லிக்கொண்ட சமூகம், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் கேட்கும் நிலைக்கு வந்தது. பூணூல் மெல்லக் கழன்றது. 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துப் போனவர்கள் ஐந்து தாழ்த்தப்பட்டோரும் ஒரு நாடாரும். கதவைத் திறந்தது சத்திரியர் என்ற உரிமை அல்ல. மக்கள் இயக்கமும், அதற்குப் பின்னால் வந்த சட்டமும்தான். 1954-ல் முதலமைச்சரான காமராஜர் பிறந்தது அந்த விருதுநகரில்தான்.

இந்தக் கருத்துகளுக்கும் எல்லை உண்டு. ஆதிக்கம் செய்வது சாதி முழுதுமா, அதில் நாலைந்து குடும்பங்களா என்று எஸ்.சி. துபே கேட்டார். நியாயமான கேள்வி. அதே சாதியில் நிலமில்லாத ஏழைக்கு ஊரில் என்ன அதிகாரம்? இன்னொன்றை ஸ்ரீநிவாஸே சொன்னார்: இப்படி ஒரு சாதி ஏறினாலும் ஏணி அப்படியேதான் இருக்கும், படிதான் மாறும். ஏறியவர் தமக்குக் கீழே ஒருவரை விட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்.

யாழ்ப்பாணத்தை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே உயர்வுக்கு மாதிரியாக நின்றது பிராமணர் அல்ல, சைவ வேளாளர். நிலமும் எண்ணிக்கையும் கோயில் நிர்வாகமும் அவர்கள் கையில் இருந்தன. பூசை செய்த பிராமணர் அவர்களைச் சார்ந்தே இருந்தார். 1968-ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. கமுதி நடந்து 71 வருஷம் கழித்து, அதே வாசல் பிரச்சினை.

இப்போது டொரோண்டோவிலும் லண்டனிலும் கோயில் கட்டுகிறோம், பிள்ளைகளுக்குச் சடங்கு சொல்லிக்கொடுக்கிறோம். அதில் தப்பொன்றுமில்லை. ஆனால் "நம்ம ஆட்கள் எப்பவும் இப்படித்தான்" என்று வீட்டில் யாராவது சொன்னால், பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்கட்டும். எப்போதிலிருந்து? அப்போது நம் ஊரில் நிலம் யாரிடம் இருந்தது?