26AS-ல் ஒரு தொகை, ரிட்டர்னில் வேறு தொகை: நோட்டீஸ் வந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் பதில் போடும் முன் செய்ய வேண்டியது என்ன?

"டிடிஎஸ் தொகையை கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அதற்கான வருமானத்தை முழுசாக காட்டவில்லை." இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுகள் பலருக்கு வருமான வரித்துறையிடம் இருந்து வரும் நோட்டீஸின் சாரம் இதுதான். 139(9) பிரிவின் கீழ் வரும் இந்த நோட்டீஸுக்கு பொதுவாக 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் ரிட்டர்னே செல்லாததாகிவிடலாம். அவகாசம் கேட்க வழி உண்டு. ஆனால், ஒருமுறை அனுப்பிய பதிலை திரும்பப் பெறவோ திருத்தவோ முடியாது.

இந்த பதற்றத்தில் பலர் நோட்டீஸ் சொல்லும் தொகையை அப்படியே ஏற்றுக்கொண்டு திருத்தி அனுப்பிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். வித்தியாசம் முழுவதும் விடுபட்ட வருமானமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதை எப்படி கண்டுபிடிப்பது? ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

மதுரையில் ஒரு ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் என்று வைத்துக்கொள்வோம். 2024-25 நிதியாண்டுக்கு அவரது 26AS படிவத்தில் 194D பிரிவின் கீழ் கமிஷன் ரூ.4,80,000, டிடிஎஸ் ரூ.24,000 என்று இருக்கிறது. அவர் ரிட்டர்னில் காட்டிய கமிஷனோ ரூ.4,34,500. ஆனால், டிடிஎஸ் ரூ.24,000-ஐ முழுசாக கேட்டுவிட்டார். இடைவெளி ரூ.45,500.

அவர் எதையும் மறைக்கவில்லை. பேங்க் பாஸ்புக்கை எடுத்து, ஏப்ரல் முதல் மார்ச் வரை கம்பெனியிடம் இருந்து வந்த வரவுகளைக் கூட்டிப் போட்டார். அவ்வளவுதான். பாஸ்புக்கில் வருவது பிடித்தம் போக மிச்சம். 26AS-ல் இருப்பது பிடித்தத்துக்கு முந்தைய மொத்தம்.

முதலில் எடுக்க வேண்டியவை

incometax.gov.in தளத்தில் இருந்து 26AS, AIS இரண்டையும் இறக்கிக்கொள்ள வேண்டும். கம்பெனி தரும் மாதாந்திர கமிஷன் ஸ்டேட்மென்ட், காலாண்டுக்கு ஒருமுறை தரும் 16A சான்றிதழ், பேங்க் ஸ்டேட்மென்ட் ஆகியவையும் வேண்டும். நடப்பு ஆண்டோடு முந்தைய ஆண்டு மார்ச் மாத ஸ்டேட்மென்ட்டும் கையில் இருப்பது அவசியம். ஏன் என்பது கீழே.

முதல் சோதனை எளிது. 2024-25-ல் தனிநபர் ஏஜென்ட்டுக்கு டிடிஎஸ் விகிதம் 5 சதவீதம். ரூ.4,80,000-க்கு 5 சதவீதம் ரூ.24,000. கணக்கு சரி. (2025 ஏப்ரல் 1 முதல் இந்த விகிதம் 2 சதவீதமாகிவிட்டது.) இது பொருந்தாமல், கம்பெனி ஸ்டேட்மென்ட்டில் இல்லாத தொகை 26AS-ல் இருந்தால் தவறு கம்பெனி பக்கம் இருக்கலாம். அப்போது டிடிஎஸ் விவரத்தை திருத்தித் தாக்கல் செய்யுமாறு கம்பெனியிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

ரூ.45,500-ஐ பிரித்துப் பார்த்தால்...

ஸ்டேட்மென்ட்டுகளை மாதம் மாதமாக ஒப்பிட்டபோது மூன்று விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று, டிடிஎஸ் ரூ.24,000. இந்தப் பணம் அவர் கைக்கு வரவில்லை, அரசுக்குப் போய்விட்டது. ஆனாலும் அது அவருடைய வருமானம்தான்.

இரண்டு, ரூ.12,000. கம்பெனியிடம் வாங்கிய வாகன அட்வான்ஸுக்காக கமிஷனில் இருந்தே மாதம் ரூ.1,000 பிடித்திருக்கிறார்கள். கடனைத் திருப்பிக் கட்டுவது வருமானத்தைக் குறைக்காது. இதையும் சேர்த்தே காட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. 2025 மார்ச் கமிஷன் ரூ.40,000-ஐ கம்பெனி மார்ச் 31 அன்று கணக்கில் வரவு வைத்து ரூ.2,000 டிடிஎஸ் பிடித்தது. மீதி ரூ.38,000 பேங்குக்கு வந்தது ஏப்ரலில். அதேபோல 2024 மார்ச் கமிஷன் ரூ.30,000-ல் ரூ.1,500 பிடித்து, மீதி ரூ.28,500 வந்தது 2024 ஏப்ரலில். அது முந்தைய ஆண்டின் 26AS-ல் இருக்கிறது, ஆனால் இந்த ஆண்டு பாஸ்புக்கில் இருக்கிறது. 38,000-ல் 28,500 போனால் ரூ.9,500.

24,000 + 12,000 + 9,500 = 45,500. ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. இப்படி முழுசாக பொருந்தும் வரை பதில் பக்கம் போகக் கூடாது.

அப்படியானால் ரூ.4,80,000 என்று திருத்தினால் போதாதா?

போதாது. இந்த ஏஜென்ட் எல்லா ஆண்டும் பணம் கைக்கு வந்த தேதியை வைத்தே கணக்கு காட்டுகிறார். சட்டம் இதை அனுமதிக்கிறது. ஆனால் ஒரே முறையை தொடர்ந்து கடைப்பிடிக்க வேண்டும். இப்போது ரூ.4,80,000 என்று போட்டால், 2025 மார்ச் கமிஷன் ரூ.40,000 இந்த ஆண்டு கணக்கில் வந்துவிடும். அடுத்த ஆண்டு பாஸ்புக்கைக் கூட்டும்போது அதே பணம் மறுபடியும் வரும். ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி. மறுபக்கம், 2024 மார்ச் கமிஷன் ரூ.30,000 எந்த ஆண்டிலும் வராமல் போய்விடும். அதுவும் தவறு.

அவருடைய முறைப்படி சரியான தொகை: 4,80,000-ல் இருந்து 40,000-ஐக் கழித்து, 30,000-ஐக் கூட்டினால் ரூ.4,70,000. அதாவது, உண்மையில் குறைத்துக் காட்டியது ரூ.35,500. மீதி ரூ.10,000 வெறும் தேதி வித்தியாசம்.

டிடிஎஸ் என்ன ஆகும்?

வருமானம் எந்த ஆண்டில் காட்டப்படுகிறதோ, அந்த ஆண்டில்தான் டிடிஎஸ்ஸும் கேட்க முடியும். 37BA விதி சொல்வது இதைத்தான். எனவே மார்ச் 2025-க்கான ரூ.2,000-ஐ டிடிஎஸ் அட்டவணையில் அடுத்த ஆண்டுக்கு கொண்டுபோக வேண்டும். 2024 மார்ச்சுக்கான ரூ.1,500-ஐ அவர் போன ஆண்டே கேட்டு வாங்கிவிட்டார். மறுபடி கேட்க முடியாது. ஆக, இந்த ஆண்டு கேட்க வேண்டியது ரூ.22,000.

கம்பெனி வரவு வைத்த தேதியையே எப்போதும் கணக்கில் எடுக்கும் ஏஜென்ட்டுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அவருக்கு ரூ.4,80,000, ரூ.24,000 இரண்டும் அப்படியே பொருந்தும்.

பதிலை எப்படி அனுப்புவது?

இணையதளத்தில் Pending Actions, அதில் e-Proceedings பகுதியில் நோட்டீஸ் இருக்கும். குறை உண்மை என்பதால் இவர் Agree தேர்வு செய்து, ரூ.4,70,000 மொத்த கமிஷனோடு திருத்திய ரிட்டர்னை அனுப்ப வேண்டும். கமிஷன் ஏஜென்ட்டுகள் 44AD உத்தேச வரி முறையைப் பயன்படுத்த முடியாது. அதனால் படிவம் ITR-3.

பெட்ரோல், போன் போன்ற தொழில் செலவுகளை மொத்த கமிஷனைக் காட்டிய பிறகு தனியாகக் கழிக்க வேண்டும். சிலர் செலவு போக மிச்சத்தையே கமிஷன் என்று எழுதிவிடுகிறார்கள். லாபம் சரியாகவே இருந்தாலும், 26AS-ஓடு ஒப்பிடும்போது வருமானத்தைக் குறைத்ததாகவே தெரியும்.

மொத்த கமிஷனையும் சரியாகக் காட்டி, அது வேறு தலைப்பில் இடம்பெற்றதால் மட்டும் நோட்டீஸ் வந்திருந்தால் Disagree கொடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு காட்டப்பட்டது என்று விளக்கலாம். எதுவானாலும், ரூ.45,500-ஐ பிரித்த அந்த ஒரு பக்கக் கணக்கை பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த ஏப்ரலில் வரும் மார்ச் கமிஷனுக்கும் அதுவே தேவைப்படும்.