பெட்டிமேல் பட்டன் ஏறுவது ஏன்?

கணக்கு எழுதும் மென்பொருளில் வாடிக்கையாளர் பட்டியலைத் திறக்கிறோம். ஜன்னல் சிறிதாக இருக்கிறதே என்று மூலையைப் பிடித்து இழுத்தால், தேடல் பெட்டி நீண்டுகொண்டே போய்ப் பக்கத்திலிருந்த ‘தேடு’ பட்டன் இருந்த இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. பட்டன் பெட்டிக்கு அடியில் மறைந்துவிடும்; இல்லையென்றால் எழுதிய பெயரின் நடுவே உட்கார்ந்திருக்கும்.

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸை வைத்து இதைப் பார்க்கலாம். 2002இல் டாட்நெட்டின் முதல் பதிப்போடு வந்த இந்தக் கருவி, அலுவலக மென்பொருள்கள் பலவற்றில் இன்றும் ஓடுகிறது. இதில் படிவத்தைச் சுட்டியால் இழுத்து வைத்தே வடிவமைக்கலாம். வைக்கும் ஒவ்வொரு உறுப்புக்கும் Anchor என்றொரு பண்பு உண்டு. எந்த விளிம்பைக் குறிப்பிடுகிறோமோ, அந்த விளிம்புக்கும் உறுப்புக்கும் உள்ள இடைவெளி மாறக் கூடாது என்பதே அதன் பொருள். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது Top, Left என்றிருக்கும்.

எல்லா உறுப்புகளையும் அப்படியே விட்டுவிட்டால், ஜன்னலை எவ்வளவு இழுத்தாலும் எதுவும் எதன்மீதும் ஏறாது. வலப்பக்கமும் கீழேயும் வெற்றிடம் கூடும், அவ்வளவுதான். ஓர் உறுப்புக்கு விதி சொல்லி, அதன் பக்கத்து உறுப்பை மறக்கும்போதுதான் மோதல் தொடங்குகிறது.

படிவத்தின் உள் அகலம் 600 பிக்சல் என்று கொள்வோம். தேடல் பெட்டி 90இல் தொடங்கி 490இல் முடிகிறது. பட்டன் 500 முதல் 588 வரை. பெட்டி நீள வேண்டும் என்று அதற்கு Top, Left, Right கொடுத்துவிட்டு, பட்டனைத் தொடாமல் விட்டோம். ஜன்னல் 1000 பிக்சலாகும்போது, வலது விளிம்போடு 110 பிக்சல் இடைவெளியைக் காக்க வேண்டிய பெட்டி 890 வரை நீள்கிறது. பட்டனோ 500இலேயே நிற்கிறது. பட்டனுக்கு Top, Right கொடுத்தால் அது 900க்கு நகர்ந்துவிடும். பழைய 10 பிக்சல் இடைவெளியும் திரும்பிவிடும். இதே தவறு ஜன்னலைக் குறுக்கும்போது மேலும் கீழுமாக நடக்கும்: ‘சேமி’ பட்டனுக்கு Bottom கொடுத்து, அதற்கு மேலுள்ள பட்டியலுக்குக் கொடுக்காவிட்டால், பட்டன் மேலேறிப் பட்டியலின் கடைசி வரிகளை மூடும்.

இரண்டு உறுப்புகளுக்குமே விதி சொல்லியும் மோதுகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் பலர் திகைத்துப் போகிறார்கள். அதே 600 பிக்சலில் இரண்டு பட்டியல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன: ஒன்று 10 முதல் 290 வரை, மற்றது 310 முதல் 590 வரை. இரண்டும் நீளட்டும் என்று இரண்டுக்கும் Left, Right கொடுக்கிறோம். ஜன்னல் 200 பிக்சல் கூடினால், அந்த 200ஐ இரண்டும் பங்கிட்டுக்கொள்வதில்லை. ஒவ்வொன்றும் முழு 200ஐயும் எடுத்துக்கொள்கிறது. இடது பட்டியல் 490 வரை வந்துவிடுகிறது, வலது பட்டியலோ 310இலேயே தொடங்குகிறது. Anchorக்கு விளிம்பு மட்டும்தான் தெரியும், பக்கத்து உறுப்பைத் தெரியாது. பங்கிட வேண்டுமென்றால் TableLayoutPanel வேண்டும்: ஆளுக்கு 50 சதவீதமாக இரண்டு நெடுவரிசைகள் அமைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பட்டியலை வைத்து, Dock பண்பை Fill ஆக்கினால் போதும்.

Dock என்பது உறுப்பை ஒரு விளிம்போடு ஒட்டி, அந்தப் பக்கம் முழுவதையும் கொடுத்துவிடுவது. Fill என்றால் மிச்சமுள்ள இடம் முழுதும். ஓர் உறுப்புக்கு Anchor, Dock இரண்டில் ஒன்றுதான் செல்லும். கடைசியாக வைத்தது நிற்கும். வாடிக்கையாளர் படிவத்துக்கு நான் பரிந்துரைப்பது இதுதான்: தேடல் வரிசையை ஒரு பேனலில் போட்டு Top, பட்டன் வரிசையை இன்னொரு பேனலில் போட்டு Bottom, நடுவில் பட்டியலுக்கு Fill. பேனலுக்குள் இருக்கும் உறுப்புகளின் Anchor இனிப் பேனலின் விளிம்பையே பார்க்கும்.

இப்படிச் செய்தும் பட்டியலின் தலைப்பு வரி மேல் பேனலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வதுண்டு. உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் வரிசையில், அடியில் இருப்பதற்கே முதலில் இடம் ஒதுக்கப்படுகிறது. Fill கடைசியாக இடம்பெற வேண்டியது. அது அடியில் இருந்தால் முழு இடத்தையும் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். பட்டியலை வலது சொடுக்கி Bring to Front கொடுத்தால் சரியாகிவிடும்.

குறுக்குவதற்கும் எல்லை உண்டு. நம் தேடல் வரிசையில் அகலம் 200 பிக்சலாகும்போது பெட்டி முற்றிலும் மறைகிறது. இன்னும் குறுக்கினால் பட்டன் இடப்பக்கத்துத் தலைப்பின்மேல் ஏறும். அதை எந்த Anchor அமைப்பும் தடுக்காது. படிவத்தின் MinimumSize பண்பில் ஓர் அளவு வைக்க வேண்டும். தலைப்புப் பட்டையும் ஓரங்களும் அந்த அளவுக்குள் அடங்கும் என்பதால் கொஞ்சம் கூட்டியே வைப்பது நல்லது. இதையெல்லாம் சோதிக்க நிரலை ஓட்ட வேண்டியதில்லை. வடிவமைப்புத் திரையிலேயே படிவத்தின் மூலையை இழுத்தால் உறுப்புகள் விதிப்படி நகரும். பார்த்துவிட்டு Ctrl+Z அழுத்திப் பழைய அளவுக்குத் திரும்பிவிடலாம்.